இரண்டாம் ஆண்டைச் சொல்லாத மின்னஞ்சல்

மென்பொருள் விற்கும் சிறு நிறுவனங்கள் டீலர் தேடும் விதம் இப்போது மாறிவிட்டது. நட்சத்திர ஓட்டலில் கூட்டம் போட்டு, மதியச் சாப்பாடு கொடுத்து, 'கைநிறையச் சம்பாதிக்கலாம்' என்று பேசி டெபாசிட் வாங்கிய காலம் போய், ஒரு பக்க மின்னஞ்சல் வருகிறது. மார்ஜின் இத்தனை விழுக்காடு, பயிற்சி இத்தனை நாள், சப்போர்ட் இன்ன நேரத்தில் கிடைக்கும், உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இது. நான்கே தலைப்பு, ஒளிவுமறைவில்லாத மொழி. விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் இப்படி ஒரு மின்னஞ்சலை மாதிரியாக எடுத்துக்காட்டுகிறார்கள். அண்மையில் ஒரு நண்பர் அதை என்னிடம் காட்டி, "இதைவிட வெளிப்படையாக எப்படி எழுத முடியும்?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்கு நான் சொல்ல விரும்பும் பதில்.

அதன் நன்மையை மறுக்கவில்லை. படித்த ஐந்து நிமிடத்தில் நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடுகிறது. மாதம் ஐந்து லைசென்ஸ் விற்க முடியாதவர் பதில் போடப்போவதில்லை; அவர் நேரமும் நிறுவனத்தின் நேரமும் மிச்சம். வாய்வார்த்தையாக ஒன்று சொல்லிப் பிறகு மாற்றிப் பேசும் வழக்கத்துக்கு எழுத்து ஒரு கடிவாளம். பழைய ஓட்டல் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்கு நாகரிகமானது.

ஆனால் மதுரைப் பக்கம் மளிகைக்கடைகளுக்கும் ஹார்டுவேர் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் விற்ற அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த மின்னஞ்சலில் மிகத் தெளிவாகத் தெரியும் எண்ணே ஆளை ஏமாற்றுகிறது. மார்ஜின் 30 விழுக்காடு என்ற அந்த வரிதான்.

ஒரு விற்பனையைப் பிரித்துப் பார்ப்போம். லைசென்ஸ் விலை 10,000 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் கடைக்காரர் தரவேண்டியது 11,800. டீலர் அதை 7,000 ரூபாய்க்கு, வரியோடு 8,260 கொடுத்து வாங்குகிறார். புதிதாக வருபவர்கள் 11,800-லிருந்து 8,260-ஐக் கழித்து 3,540 என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அதில் 540 வரியாகப் போய்விடும். கையில் நிற்பது 3,000. இதுவரை மின்னஞ்சல் சொன்னது சரி.

கடைக்குப் போனால் கதை வேறு. மென்பொருளை ஓட்டிக் காட்டி முடித்ததும் அண்ணாச்சி சொல்வது ஒன்றுதான்: "தம்பி, பில்லோட சேத்துப் பத்தாயிரமா முடிச்சுக்கோங்க." நியாயமான பேரம் போலத்தான் இருக்கும். ஒத்துக்கொண்டால் 10,000 ரூபாய்க்குள் வரியும் அடக்கம். வரியைப் பிரித்தால் விலை சுமார் 8,475 ரூபாய். வாங்கிய 7,000 போக 1,475 மிஞ்சும். கடைக்காரருக்கு விட்டுக்கொடுத்தது 1,800 ரூபாய்; டீலரின் வருமானமோ பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நிறுவனத்துக்கு வரவேண்டிய 7,000-த்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. பேரம் பேசும் சந்தையில் மார்ஜின் விழுக்காட்டை மட்டும் எழுதி, பேரத்தின் பாரம் யார் தலையில் என்று எழுதாமல் விடுவதை வெளிப்படை என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் இதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். பேரம் வியாபாரத்தில் உள்ளதுதான். நாலு கடை ஏறி இறங்கினால் டீலரே கற்றுக்கொள்வார். என் நெடுநாள் ஆட்சேபம் வேறு. அந்த மின்னஞ்சல் முதல் ஆண்டைப் பற்றி மட்டும் பேசுகிறது. விற்ற நாளோடு கதை முடிந்துவிட்டது போல எழுதப்பட்டிருக்கிறது. பில்லிங் மென்பொருளில் வேலை தொடங்குவதே அன்றைக்குத்தான்.

கல்லாவில் கணினியை வைத்து, தெர்மல் பிரிண்டரை இணைத்து, பார்கோடு ஸ்கேனர் ஓடுகிறதா என்று பார்த்து, இரண்டாயிரம் சரக்கின் பெயரும் விலையும் வரியும் ஏற்றி, கல்லாவில் உட்காரும் பையனுக்கு இரண்டு நாள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் அந்தப் பையன் வேறு கடைக்குப் போய்விடுவான். புதுப்பையனுக்கு மறுபடியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதி வந்தால் பில் எண்ணைப் புது ஆண்டுக்கு மாற்ற வேண்டும். இவையெல்லாம் எந்தத் தலைப்பின்கீழ் வருகின்றன? 'சப்போர்ட் முழுவதும் எங்கள் பொறுப்பு' என்று மின்னஞ்சல் சொல்கிறது. காலை 9.30 முதல் மாலை 6.30 வரை தொலைபேசி எண் ஒன்று. கடையில் கூட்டம் மாலை ஏழு மணிக்கு. அப்போது பிரிண்டர் நின்றால் அண்ணாச்சி அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். முகம் தெரிந்த தம்பியைத்தான் அழைப்பார்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறிய நாள், திங்கட்கிழமை. குளியல் சோப்பும் ஷாம்பூவும் தலைமுடி எண்ணெயும் 18-லிருந்து 5 விழுக்காட்டுக்கு வந்தன; நெய் 12-லிருந்து 5-க்கு. சலவைத்தூள் 18-லேயே நின்றது. 12 இருக்கும் இடமெல்லாம் 5 என்று ஒரே தட்டில் மாற்றினால் வேலை முடியாது. '18' என்று இருக்கும் சரக்குகளில் எது இறங்கியது, எது நின்றது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் வரி விகிதத்தை மாற்ற வசதி தந்து, எப்படிச் செய்வது என்று ஒரு காணொளியும் அனுப்பின. உட்கார்ந்து மாற்றியது யார்? ஞாயிறு இரவு கடை சாத்தியபின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சரக்குப் பட்டியலைத் திரையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்த டீலர்களை எனக்குத் தெரியும். ஒரு கடை முடிய இரண்டு மணி நேரம். வெளியில் இன்னும் நாற்பது கடையிலிருந்து போன். அந்த இரவுக்கு எந்த மார்ஜினும் இல்லை.

இப்போது அந்த 'எதிர்பார்ப்பு' என்ற தலைப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதம் ஐந்து லைசென்ஸ். டீலர் ஒழுங்காக விற்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டில் 120 கடை. ஒரு கடை மாதத்துக்கு இரண்டே முறை அழைத்தால் மாதம் 240 அழைப்பு, வேலைநாளுக்குச் சுமார் பத்து. வருமானம்? முதல் மாதம் ஐந்து கடைக்குக் கிடைத்தது போலவே இருபத்துநான்காம் மாதமும் ஐந்து கடைக்கே. வருமானம் அந்த ஐந்தைத் தாண்டவில்லை, வேலை மட்டும் 120-க்கு ஏறிவிட்டது. எவ்வளவு நன்றாக விற்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் அவர் கையொடிந்து நிற்பார். சப்போர்ட்டுக்கு ஓடினால் டார்கெட் விழும். டார்கெட்டுக்கு ஓடினால் பழைய கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லி விற்பனையைக் கெடுப்பார். டீலர் சோம்பேறி என்று நிறுவனம் பழைய பட்டியலை மூடிவிட்டுப் புது டீலருக்கு அதே மின்னஞ்சலை அனுப்பும்.

இந்தக் கணக்கைச் சரிசெய்வது ஒன்றே ஒன்று: புதுப்பிப்புக் கட்டணத்தில் பங்கு. ஆண்டுதோறும் ஒவ்வொரு கடையும் கட்டும் 3,000 ரூபாயில் டீலருக்கு 900 வந்தால், 120 கடைக்கு ஆண்டுக்கு 1,08,000. மாதம் 9,000. ஒரு பையனைப் பகுதிநேரமாக வைத்துப் போனை எடுக்கச் சொல்லலாம். மாதிரி மின்னஞ்சலில் புதுப்பிப்பு என்ற சொல்லே இல்லை. நடப்பு என்ன? டீலர் முதல் நாள் பதிவுசெய்யும்போது கடைக்காரரின் கைபேசி எண்ணைக் கட்டாயமாக ஏற்ற வேண்டும். பதினொன்றாம் மாதம் நிறுவனத்திலிருந்து அந்த எண்ணுக்கு நேராக ஒரு சுட்டி போகும். கடைக்காரர் அதைத் தட்டிப் பணம் கட்டுவார். கட்டிமுடித்து டீலருக்குப் போன் போட்டு, "தம்பி, பணம் கட்டிட்டேன், அந்த ஸ்கேனர் இன்னும் சரியாகலயே" என்பார்.

எனக்கே இது நடந்தது. நான் மென்பொருள் விற்றுக்கொடுத்த ஒரு நிறுவனத்திடம் புதுப்பிப்பில் என் பங்கு என்ன என்று எழுதிக் கேட்டேன். 'எங்கள் முதல் மின்னஞ்சலில் மார்ஜின் புதிய விற்பனைக்கு என்று தெளிவாக உள்ளது' என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், 'புதிய' என்ற சொல் இருந்தது. தெளிவான மின்னஞ்சல் அந்த ஒரு சொல்லை வைத்து என் நான்காண்டு உழைப்புக்குப் பதில் சொல்லிவிட்டது.

டீலருக்குப் புதுப்பிப்பில் பங்கு கொடுத்தால் விற்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தே சாப்பிடுவார் என்று நிறுவனத் தரப்பில் ஒரு வாதம் உண்டு. வேலை செய்யாத டீலர் உண்டு என்பது மெய். அதற்கு வழியும் உண்டு: கடைக்காரர் இவர்தான் எனக்குப் பார்க்கிறார் என்று ஆண்டுக்கொருமுறை உறுதிசெய்தால் பங்கு, இல்லாவிட்டால் இல்லை. இவ்வளவு எளிதான ஏற்பாட்டை யோசிக்கத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். சப்போர்ட்டின் பெரும்பகுதியை டீலர் சம்பளமில்லாமல் செய்வார் என்பதன்மேல்தான் அவர்கள் விலையே போடப்பட்டிருக்கிறது. எழுதாமல் விட்டது மறதி என்று நான் நம்பவில்லை.

ஆகவே இப்படி ஒரு மின்னஞ்சல் கைக்கு வந்தால் நான் பயிற்சி நாளையோ மார்ஜின் எண்ணையோ முதலில் பார்ப்பதில்லை. இந்தப் பத்தி இருக்கிறதா என்று தேடுகிறேன்:

'மார்ஜின், வரி நீங்கிய பட்டியல் விலையில் 30 விழுக்காடு. தள்ளுபடி கொடுத்தால் அது உங்கள் பங்கிலிருந்து. நிறுவுவதும் சரக்கு ஏற்றுவதும் உங்கள் வேலை. அதற்குக் கடைக்காரரிடம் தனிக்கட்டணம் வாங்கலாம். நீங்கள் பார்த்துக்கொள்ளும் கடை ஒவ்வொன்றின் புதுப்பிப்பிலும் 30 விழுக்காடு உங்களுக்கு. புதுப்பிக்கும் நினைவூட்டல் உங்களுக்கும் வரும். நீங்கள் விலகினால் அந்த ஆண்டின் பங்கு முழுவதும் கொடுத்துத்தான் கடையை வேறொருவரிடம் ஒப்படைப்போம்.'

அவ்வளவு நீளம்கூட இல்லை. அந்த மாதிரி மின்னஞ்சலில் பயிற்சிக் கூடத்தின் குளிர்சாதன வசதியைப் பற்றி எழுதிய இடத்திலேயே இது அடங்கிவிடும்.