ஒரே ஒரு வாசகருக்கு எழுதிய கடிதம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புலனத்தில் ஐந்து படங்கள் வந்தன. கோடு போட்ட நோட்டுத்தாளில் நீல மையில் எழுதிய கடிதம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா, கோலாலம்பூரில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. அவர் கணவர் என்னுடைய சைட்டில் சாரம் கட்டியவர். துணைக் குத்தகையாளர் பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டதால், கொங்சியில் நடந்த சோதனையில் குடிநுழைவுத் துறை அவரைப் பிடித்துக்கொண்டு போனது. "தம்பி, இத இங்கிலீஷ்ல அடிச்சுத் தாங்க"ன்னு அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

அதை நான் ஒரு பொறியியலாளனாகத்தான் வாசித்தேன். இலக்கிய வாசகனாக வாசிக்கவில்லை. இந்தக் கட்டுரையே அந்தத் தப்பைப் பற்றியதுதான்.

கடிதம் "ஐயா அவர்களின் பாதங்களுக்கு" என்று தொடங்கியது. நம் மரபில் வேண்டுகோள் கடிதத்துக்குச் சீட்டுக்கவி என்று ஒரு வடிவம் உண்டு. அதில் புலவர் முதலில் தன் பெருமையைச் சொல்லுவார், அப்புறம்தான் வள்ளலைப் புகழ்ந்து கேட்பார். கேட்பவனுக்கும் ஒரு கெத்து இருக்கும். அக்காவின் கடிதம் அதற்கு நேரெதிர். முதல் இரண்டு பக்கமும் தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்வதிலேயே போய்விடுகிறது. மூன்றாம் பக்கத்தில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன். நான்காவதில்தான் கோரிக்கை: "எப்படியாவது அவரை விடுதலை செய்து அனுப்புங்கள்."

இந்த வாக்கியத்தில்தான் கடிதம் தோற்கிறது. தூதரக அதிகாரி யாரையும் விடுவிக்க முடியாது. 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் விதி அவருக்குக் கொடுக்கும் உரிமைகள் கொஞ்சம்தான். பிடிபட்டவர் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், அந்த உரிமை இருப்பதைப் பிடித்தவர்களே அவருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும். அதிகாரி போய்ப் பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். கடப்பிதழ் இல்லையென்றால் ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றிதழ் ஒன்றைத் தரலாம். விடுதலையைக் கேட்டால் அனுதாபம்தான் பதிலாக வரும். எந்த முகாமில் இருக்கிறார், எப்போது போய்ப் பார்ப்பீர்கள், சான்றிதழுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அவர் ஏதாவது செய்தே ஆகணும்.

ஆகவே வெட்டினேன். ஐந்து பக்கம் ஒரு பக்கமானது. கடப்பிதழ் எண், பிறந்த தேதி, கடைசியாகப் பேசிய நாள், மூன்று கேள்விகள். பெயர்தான் பெரிய சிக்கல். அக்கா இனிஷியல் போட்டு எழுதியிருந்தார். கடப்பிதழில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. இங்கே பதிவேட்டில் எழுதுகிறவர் இடையில் "அ/லெ" போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. மூன்று வடிவத்தையும் எழுதினேன். ரொம்ப நேர்த்தியான கடிதம்னு ஒரு திருப்தி வேறு.

நான்காம் நாள் தூதரகத்திலிருந்து அக்காவுக்கு அழைப்பு. முகாமில் அதே பெயரில், அப்பா பெயரும் ஒன்றாக, இரண்டு பேர் இருக்கிறார்களாம். கடப்பிதழ் முதலாளியிடம் இருந்ததால் எண்ணை வைத்து ஒப்பிட வழியில்லை. (தொழிலாளியின் கடப்பிதழை முதலாளி வைத்துக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றம். எல்லாரும் வைத்துக்கொள்கிறார்கள்.) உடம்பில் ஏதாவது அடையாளம் உண்டா?

அக்கா எனக்கு அழைத்துக் கேட்ட ஒரே கேள்வி: "நான் விரலப் பத்தி எழுதியிருந்தேனே தம்பி, அது போகலையா?"

ஐந்தாம் பக்கம். "அவருக்கு இடது கை சுண்டுவிரல் மடங்காது. கலவை மெஷினில் மாட்டியது. சாப்பிடும்போது சொம்பைத் தூக்க அந்த விரல் தனியா நிற்கும், பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும்." இதை நான்தான் வெட்டினேன். ஓரத்தில் 'உணர்ச்சி' என்று குறித்து வைத்த ஞாபகம்கூட இருக்கிறது.

மு.வ. தங்கைக்கும் அன்னைக்கும் எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்தன. அவை தங்கையைத் தாண்டி நம் எல்லாருக்கும் எழுதியவை, அதனால் பொதுவான பேச்சு அவற்றுக்குப் பொருந்தும். அக்காவின் கடிதத்துக்கு முன்பின் தெரியாத ஒரே ஒரு வாசகர். இந்த மனிதனை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பாதம், கண்ணீர், கருணை என்ற சொற்கள் எந்த மனைவியின் கடிதத்திலும் இருக்கும், அதனால் அவற்றில் ஆளே இல்லை. அவற்றை வெட்டியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விரல் வேறு. அது பாசத்தில் கவனித்தது, கூடவே தகவலும்தான். பாசம் இல்லாத யாரும் அந்தச் சொம்பைக் கவனித்திருக்க மாட்டார்கள். என் வடிகட்டிக்கு இரண்டு பெட்டிதான் இருந்தது, அழுகை ஒன்று, விவரம் ஒன்று.

இரண்டாவது கடிதம் அன்றிரவே போனது. மேலே என் பத்தி. கீழே விரலைப் பற்றி அக்கா எழுதியதன் ஆங்கிலம், சொம்பும் பிள்ளைகளும் அப்படியே. கூடவே அந்த நோட்டுத்தாளின் படம்.

முகாமில் ஆளைக் கண்டுபிடித்தார்கள். நீதிமன்றம், தண்டனை எல்லாம் முடியக் காத்திருந்து, அவசரச் சான்றிதழில் திருச்சிக்குப் போனார். டிக்கெட் காசு அக்காதான் அனுப்பினார். கடன் இன்னும் இருக்கிறது.