கோடிட்ட இடமும் நான்கு வினைகளும்

ரஷ்ய மொழியின் தொடக்கப் பாடநூல் எதைப் புரட்டினாலும் ஒரு பக்கம் தவறாமல் வரும். “இப்போது நான் பள்ளிக்கு ———.” “அவள் தினமும் பேருந்தில் வேலைக்கு ———.” இப்படிப் பத்துப் பதினைந்து வாக்கியங்கள். மேலே இரண்டோ நான்கோ வினைச்சொற்கள். பொருத்தமானதைத் தேர்ந்து, நிகழ்காலத்தில் சரியான வடிவத்தை எழுத வேண்டும். ரஷ்ய மொழி கற்பிப்பவர்களில் இந்தப் பயிற்சியைக் கொடுக்காதவர் அரிது. நானும் கொடுக்கிறேன். ஆனால் இது எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பித்துவிட்டதாக நம்ப வைக்கிறது என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இங்கே புழங்கும் வினைகள் நான்கு: இத்தீ, ஹதீத், யேஹத், யேஸ்தித். முதல் இரண்டும் காலால் நடந்து போவதற்கு. அடுத்த இரண்டும் வண்டியில் போவதற்கு. ‘போகிறேன்’ என்ற ஒரே சொல்லால் நடையையும் ரயிலையும் சமாளித்துப் பழகியவருக்கு இதுவே புதிது. அதோடு முடிவதில்லை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று ஒருதிசை வினை: ஓர் இலக்கை நோக்கி ஒரே போக்கில் போய்க்கொண்டிருப்பது. இத்தீ, யேஹத் இரண்டும் அந்த வகை. மற்றது பலதிசை வினை: வழக்கமாகப் போய்வருவது, இலக்கின்றி அங்குமிங்கும் நடப்பது, நடக்கத் தெரிந்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். ஹதீத், யேஸ்தித் அந்த வகை. ஆகவே ஒரு கோடிட்ட இடத்தை நிரப்ப மாணவர் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். காலா வண்டியா என்பது ஒன்று. ஒரு போக்கா, போக்குவரத்தா என்பது மற்றொன்று.

இந்தப் பயிற்சியை நிகழ்காலத்தில் தொடங்குவது நல்ல முடிவு. ரஷ்ய மொழியில் முற்றுவினைகளுக்கு நிகழ்காலம் கிடையாது. எனவே முன்னொட்டு சேர்ந்த முற்றுவினைகள், ‘கிளம்பிப் போனான்’, ‘வந்து சேர்ந்தான்’ என்பன போன்றவை, இங்கே குறுக்கே வராது. நான்கு சொற்கள், இரண்டு கேள்விகள், அவ்வளவுதான். இறந்தகாலத்துக்குப் போனால், பலதிசை வினை ‘போய்த் திரும்பி வந்தாயிற்று’ என்ற பொருளையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கும். அதற்கு முன் இந்தச் சிறிய வட்டத்துக்குள் கால் ஊன்றிக்கொள்வது அவசியம்.

வினைவடிவங்களைக் கைக்குப் பழக்குவதிலும் இதற்கு ஈடு கிடையாது. ஹதீத் என்ற சொல்லில் ‘நான்’ என்று வரும்போது நடு மெய் மாறி ஹஷூ ஆகிறது. ‘அவன்’ என்றால் அந்த மாற்றம் இல்லை, ஹோதித். அழுத்தமும் கடைசி அசையிலிருந்து முதல் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. யேஹத்தில் ‘ஹ’ போய் ‘த’ வந்து யேது, யேதெத் என்று ஆகிறது. யேஸ்தித்தில் ‘நான்’ வடிவம் யேஷ்ஷு. விதியைச் சொல்லிக் கொடுத்த மறுநாளும் மாணவர்கள் ‘ஹதியூ’ என்றும் ‘யேஹயூ’ என்றும் எழுதத்தான் செய்வார்கள். இருபது முறை எழுதித் திருத்திக்கொண்டால் அந்தப் பிழைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அழுத்தம் மட்டும் தாளில் படியாது. நிரப்பிய வாக்கியத்தை உரக்கப் படித்தால்தான் வரும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பயிற்சி எழுதுபவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே ஒரு விடை இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். அதற்காக ஒரு துப்புச்சொல்லை உள்ளே வைக்கிறார். ‘இப்போது’ என்றால் ஒருதிசை. ‘தினமும்’, ‘அடிக்கடி’, ‘வழக்கமாக’ என்றால் பலதிசை. ‘பேருந்தில்’ என்றால் வண்டி. மாணவர்கள் இதை மூன்றாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன்பின் அவர்கள் வாக்கியத்தைப் படிப்பதில்லை; துப்புச்சொல்லைத் தேடுகிறார்கள். பதினைந்துக்குப் பதினைந்து கிடைக்கிறது. யார் போகிறார், எங்கே, எப்படி என்று ஒரு கணமும் மனக்கண்ணில் பார்க்காமலே கிடைக்கிறது. வகுப்பில் சோதிக்க எளிய வழி உண்டு. அதே வாக்கியங்களில் ‘தினமும்’ என்ற சொல்லை அழித்துவிட்டு, முன்னும் பின்னும் ஒரு வரி சூழல் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். விடைகள் ஆட்டம் காணும்.

துப்புச்சொல் விதி பாதி உண்மைதான் என்பது இன்னும் மோசம். அந்தோன் என்ற மாஸ்கோவாசியின் காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம்.

“அந்தோன் வேலைக்கு மெட்ரோவில் ———. தினமும் காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டு வெளியே வருகிறான். பத்து நிமிடம் நிலையம் வரை ———. பிறகு அரை மணி நேரம் மெட்ரோவில் ———. நண்பனுக்காகக் காத்திருக்கிறான், இதோ, இப்போது நடைமேடையில் இங்குமங்கும் ———.”

முதல் இடம் எளிது. வழக்கமாகப் போய்வருவது, வண்டியில்: யேஸ்தித். (தமிழ் எழுத்தில் இந்த வினையின் மூல வடிவமும் ‘அவன்’ வடிவமும் ஒன்றாகத் தெரிகின்றன. ரஷ்ய எழுத்தில் மூல வடிவத்தின் கடைசியில் ஒரு மென்மைக்குறி இருக்கும்.) இரண்டாவது இடத்தில் துப்புச்சொல் விதியை நம்பியவர் ஹோதித் என்று எழுதுவார், ‘தினமும்’ இருக்கிறதே! சரியான விடை இத்தீயின் ‘அவன்’ வடிவமான இத்யோத். மூன்றாவதும் அப்படியே: யேதெத். தினமும் நடப்பதுதான், ஆனால் இங்கே சொல்லப்படுவது ஒரு பயணத்தின் அடுத்தடுத்த கட்டங்கள். வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து வேலையிடம் என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில், இவ்வளவு நேரம். அந்தப் பயணத்தின் உள்ளே நின்று பார்க்கும்போது ரஷ்யர் ஒருதிசை வினையைத்தான் எடுப்பார், அது ஆயிரம் முறை நடந்தாலும். கடைசி இடத்தில் எதிர்மாறு. ‘இப்போது’ என்று இருக்கிறது, கண்முன் நடக்கிறது; இருந்தும் விடை ஹோதித், ஏனென்றால் அவன் எந்த இலக்கை நோக்கியும் போகவில்லை.

இந்த நான்கு வரிகளும் துப்புச்சொல் விதியை இரண்டு பக்கமும் உடைக்கின்றன. வினையைத் தீர்மானிப்பது அசைவின் வடிவம். அது ஒரு கோடா, வளையமா, சிதறலா என்பதே கேள்வி. ‘தினமும்’, ‘இப்போது’ எல்லாம் அந்த வடிவத்தின் அடையாளமாகப் பல நேரம் உடன் வருகின்றன, அவ்வளவுதான். தனி வாக்கியத்தில் இந்த வடிவம் தெரிவதில்லை. நான்கு வரி தொடர்ந்து வந்தால் தெரிகிறது. கோடிட்ட இடம் என்ற முறையில் குற்றமில்லை. வாக்கியங்களை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் உதிரியாக அடுக்குவதுதான் குற்றம்.

காலா வண்டியா என்ற கேள்வியிலும் இதே கதை. “நாளை அன்னா பீட்டர்ஸ்பர்க் ———” என்ற வாக்கியத்தில் வண்டிப் பெயர் எதுவும் இல்லை. துப்பு தேடிப் பழகியவர் ‘வண்டி இல்லை, ஆகவே நடை’ என்று இத்யோத் எழுதுவார். அதைப் படிக்கும் ரஷ்யருக்கு, மாஸ்கோவிலிருந்து ரயில் பாதையில் சுமார் 650 கிலோமீட்டர் தூரத்தை அன்னா நடந்தே கடக்கப்போவதாகத் தோன்றும். வேறு ஊருக்குப் போவது என்றாலே யேதெத்தான். வண்டியின் பெயர் சொல்லத் தேவையில்லை. (நாளைக்கு நிகழ்காலமா என்று வியக்க வேண்டாம். திட்டமிட்ட பயணத்துக்கு ஒருதிசை வினையின் நிகழ்காலமே போதும்.)

ஊருக்குள் என்றால் நிலைமை தலைகீழ். “இன்று மாலை நாங்கள் தியேட்டருக்கு ———.” விடைக்குறிப்பு இத்யோம் என்கிறது. “மெட்ரோவில்தானே சார் போவாங்க?” என்று, யேதெம் என எழுதியிருந்த ஒரு மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானது. நகருக்குள் நாடகம் பார்க்கப் போவது, சினிமாவுக்குப் போவது என்பவற்றில் ரஷ்யர் பேச்சின் குறி போய்ச் சேரும் இடமும் அங்கே நடப்பதும்தான். எப்படிப் போகிறார்கள் என்பது பேச்சே இல்லை. அப்போது நடை வினை பொதுவினையாகிவிடுகிறது. மகன் பள்ளியில் படிக்கிறான் என்று சொல்ல ஹோதித் என்பார்கள், தினமும் காரில் கொண்டுபோய் விட்டாலும்கூட. ஆனால் பேச்சு பயணத்தைப் பற்றித் திரும்பினால், அவன் பேருந்தில் போகிறானா என்பதே கேள்வியானால், உடனே யேஸ்தித் வந்துவிடும். ஆகவே அந்த மாணவி எழுதிய வண்டி வினை பிழையில்லை. குறிப்பு அதைப் பிழை என்று அடிக்கிறது. சரியான யோசனைக்குத் தவறு என்று மதிப்பெண் கொடுப்பதைவிட, அந்த வாக்கியத்தைக் கொடுக்காமலே இருக்கலாம்.

மாஸ்கோ மெட்ரோவின் நகரும் படிக்கட்டில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். வலப்பக்கம் நிற்பவர்கள் யேஹத் செய்கிறார்கள். இடப்பக்கம் ஏறிப் போகிறவர்கள் இத்தீ செய்கிறார்கள். ஒரே இயந்திரம், ஒரே திசை, இரண்டு வினைகள். ‘நகரும் படிக்கட்டில்’ என்ற சொல் எந்தத் துப்பையும் தராது. உடம்பு நகர்வது எதனால், தன் காலாலா, தன்னைச் சுமக்கும் பொருளாலா என்று பார்க்க வேண்டும். மின்தூக்கியில் ஏறுபவரும் யேஹத் செய்பவரே.

பயணிக்கு இப்படி. வண்டிக்கே என்றால் இந்த விதியும் நழுவும். “தெருவில் பேருந்து ———” என்பதில் இத்யோத், யேதெத் இரண்டும் ரஷ்யர் பேச்சில் வரும். “இந்தப் பேருந்து ரயில் நிலையம் போகுமா?” என்று கேட்கும்போது இத்யோத்தான் இயல்பு. ரயில்களும் டிராம்களும் அப்படியே நடக்கின்றன. மழை பெய்வதும் படம் ஓடுவதும் இதே வினையால்தான். இந்த வகை வாக்கியங்களைக் கால்-வண்டிப் பயிற்சிக்குள் நுழைக்கும் நூல்கள் உண்டு. நுழைத்தால் அப்போதுதான் பிடிபட்ட வேறுபாடு கலங்கிவிடும். இவற்றுக்குத் தனிப் பாடம் வேண்டும், அதுவும் பிறகு.

என் தீர்ப்பு இது. உதிரி வாக்கியப் பயிற்சியை வினைவடிவங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அங்கே வினையைத் தேர்வுசெய்ய விடாமல் ஒன்றையே கொடுத்து, ஆறு வடிவங்களையும் எழுத வைக்க வேண்டும். தேர்வைக் கற்பிக்க அந்தோனின் காலை போன்ற தொடர்ச்சியான பத்தி வேண்டும். அதில் கோடிட்ட இடம் ஐந்தாறு இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாணவர் ஒரு கோடு வரையட்டும்: ஒரு போக்குக்கு அம்பு, போய்வருவதற்கு வளையம், அலைவதற்குக் கிறுக்கல். விடை தவறாக இருந்தாலும் எங்கே தடுக்கியது என்பது அந்தக் கோட்டில் தெரியும். அம்பு வரைந்துவிட்டு ஹோதித் எழுதியவருக்கு வினை மறந்திருக்கிறது. வளையம் வரைந்தவருக்குக் காட்சியே வேறாகத் தெரிந்திருக்கிறது. இரண்டுக்கும் திருத்தம் வேறு. விடைக்குறிப்பிலும், தியேட்டர் வாக்கியத்துக்கு எதிரே இத்யோம், யேதெம் இரண்டையும் அச்சிட்டு, எது எப்போது என்று ஒரு வரி எழுதிவிடலாம். அதற்குப் பிடிக்கும் இடம் அரை அங்குலம்.