ஏழு நாள், இருபத்தொரு பதிவு: எழுதும் செயலியைச் செக்கில் போட்டுப் பார்த்தேன்

பொருள்: பதிவு எழுதும் ஏஐ செயலி – ஒரு வாரச் சோதனை

மேடம்,

நல்லதைச் சொல்வதற்கு முன் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை காலை 9 மணிக்கு நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு தேங்காய் எண்ணெய்ப் பதிவு போட்டேன், 9.40-க்கு நீக்கிவிட்டேன். செயலி எழுதித் தந்ததில் ஒரு வரி இது: "எங்கள் எண்ணெய் எந்தக் குளிரிலும் உறையாது, அதுவே தூய்மைக்குச் சான்று." படிக்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டேன். பத்து நிமிஷத்தில் ஊட்டியிலிருந்து ஒரு வாடிக்கையாளர், நம் பாட்டிலில் எண்ணெய் வெள்ளைக்கட்டியாக நிற்கும் படத்தை அனுப்பி, "அப்ப இது கலப்படமா?" என்று கேட்டார். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைவது இயற்கை. ஊட்டிக் குளிரில் உறையாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். நம் நல்ல சரக்கை நாமே கெட்டது என்று சொன்ன கதையாகிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, காரணத்தையும் எழுதிவிட்டேன், சமாதானமாகிவிட்டார்.

இந்தச் செயலியைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதற்கு எழுத வரும், எண்ணெய் தெரியாது. தெரியாத இடத்தில் நின்று யோசிக்கவும் செய்யாது. அழகான ஒரு வாக்கியத்தை வைத்து அந்த இடத்தை மூடிவிடும்.

சோதித்த விதம்

திங்கள் முதல் ஞாயிறு வரை, நாளுக்கு மூன்று வீதம் 21 வரைவுகள் எழுத வைத்தேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றுக்கும் ஏழு ஏழு. முதல் மூன்று நாள் வெறும் கட்டளை மட்டும் கொடுத்தேன். வியாழன் முதல் கட்டளையோடு நம் விவரத்தாளையும் சேர்த்துக் கொடுத்தேன். முதல் மூன்று நாளில் வந்த ஒன்பதில் பக்கத்தில் போட்டது இரண்டு. அதில் ஒன்றுதான் மேலே சொன்ன மானக்கேடு. பிந்தைய நான்கு நாளில் வந்த பன்னிரண்டில் எட்டைப் போட்டேன். செயலி இரண்டு பகுதியிலும் ஒன்றுதான். மாறியது நான் அதற்குக் கொடுத்த தீனி.

திங்கட்கிழமை வரைவு

கட்டளை இவ்வளவுதான்: "மரச்செக்கு நல்லெண்ணெய்க்கு ஒரு இன்ஸ்டாகிராம் பதிவு எழுது." வந்த வரைவில் நம் செக்குக்கு நூறாண்டுப் பாரம்பரியம் இருந்தது. நாம் தொடங்கியது 2016-இல். எண்ணெய் மூட்டுவலியைப் போக்கியது, கொலஸ்ட்ராலைக் கரைத்தது. கடைசியில் சேலத்துக் குடும்பத்தலைவி ஒருவர், மூன்றே மாதத்தில் தன் மாமியாரின் முழங்கால்வலி பறந்துவிட்டதாகச் சான்று சொன்னார். அப்படி ஒருவர் நம்மிடம் எண்ணெய் வாங்கியதே இல்லை.

நோய் தீரும் என்று உணவுப்பொருள் விளம்பரத்தில் சொல்லக்கூடாது என்பது 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறை. தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. இல்லாத வாடிக்கையாளரின் சான்று, 2022-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகளுக்கும் எதிரானது. செயலி நம்மை ஏமாற்ற நினைத்து இதையெல்லாம் எழுதவில்லை. எண்ணெய் விளம்பரம் என்றால் வழக்கமாக என்ன எழுதுவார்களோ, அதையே திருப்பி எழுதுகிறது. ஊரில் பாதி எண்ணெய் விளம்பரம் முழங்கால்வலியைத்தானே பேசுகிறது!

புதன்கிழமை இன்னொன்றும் செய்து பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை வரைவைச் சரிபார்க்கும்படி செயலியிடமே சொன்னேன். தவறு என்று ஒப்புக்கொண்டு அது நீக்கிய வரிகளில், எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்க்கிறோம் என்ற உண்மையும் போய்விட்டது. நூறாண்டுப் பாரம்பரியம் மட்டும் பத்திரமாக இருந்தது. எனவே செயலியை அதைக் கொண்டே சரிபார்ப்பதில் பயனில்லை.

விவரத்தாள்

புதன் மதியம் செக்கு ஓட்டும் அண்ணனிடம் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டேன். உலக்கை வாகை மரம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள். எண்ணெய் பிரிந்து வருவதற்காகக் கருப்பட்டி சேர்க்கிறோம். ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, அடியில் கசடு தங்கிய பிறகே பாட்டிலில் ஊற்றுகிறோம். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். தாளின் அடியில் சொல்லக்கூடாதவையையும் எழுதினேன்: நோய்ப் பெயர் வேண்டாம், வாடிக்கையாளர் சான்று வேண்டாம், ஆண்டுக்கணக்கு 2016-க்கு முன்னால் போகக்கூடாது.

வியாழக்கிழமை இந்தத் தாளைக் கொடுத்து, இதில் இல்லாத தகவல் எதையும் சேர்க்காமல் எழுதும்படி சொன்னேன். வந்த நல்லெண்ணெய் வரைவு இது:

"ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு இரண்டரை கிலோ எள். அதோடு கொஞ்சம் கருப்பட்டி. அதிகாலை நான்கு மணிக்கே எங்கள் வாகைமரச் செக்கு சுழலத் தொடங்கிவிடும். ஆட்டிய எண்ணெய் வெயிலில் தெளிந்த பிறகே உங்கள் பாட்டிலுக்கு வரும். பாரம்பரியத்தின் சுவையை உணருங்கள்!"

திங்கட்கிழமைச் சரக்குக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் நான்கு மணி எங்கிருந்து வந்தது? நம் செக்கு ஓடத் தொடங்குவது காலை எட்டு மணிக்கு. தாள் கொடுத்த பிறகும் வந்த பன்னிரண்டு வரைவுகளில் நான்கில் இப்படி ஒரு சொந்தச் சரக்கு இருந்தது. முன்பு போல் கண்ணை உறுத்தும் பொய்யாக இல்லாமல், நம்பும்படியான சின்னப் பொய்யாக இருப்பதால் தப்பிவிடும் ஆபத்து அதிகம்.

பிடிக்கும் வழி எளிது. வரைவை அச்செடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு எண், ஊர், நேரம், ஆண்டு, "மட்டுமே", "முதல்" போன்ற சொல் எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடுகிறேன். ஒவ்வொரு அடிக்கோட்டுக்கும் விவரத்தாளில் ஒரு வரியைக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அடித்துவிடுவேன். ஒரு பதிவுக்கு மூன்று நிமிஷம்கூட ஆகாது. அந்த வரைவில் நான்கு மணி இப்படித்தான் சிக்கியது.

தமிழ் எப்படி?

எழுத்துப்பிழை குறைவு. ஆனால் கடைக்காரர் பேசும் தமிழ் இல்லை. 21 வரைவுகளில் 17-இல் "பாரம்பரியம்" என்ற சொல் வந்தது. "உங்கள் சமையலறையை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்" என்ற வாக்கியமும் இரண்டு முறை வந்தது. சமையலறையை நாம் எங்கே எடுத்துப் போவது? செக்கு அண்ணன் சொன்ன வாக்கியம் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தபோது நடை உடனே இறங்கி வந்தது. "கசடு அடியில தங்கினாத்தான் மேல இருக்கறது எண்ணெய்" என்று அவர் சொன்னதை முதல் வரியாக வைத்த பதிவுக்குத்தான் இந்த வாரம் அதிகக் கேள்விகள் வந்தன. அந்த வரி செயலி எழுதியது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீளத்தில் அதை நம்பவே கூடாது. எக்ஸ் தளத்துக்கு 280 எழுத்துக்குள் கேட்டால், 280-க்குள் இருப்பதாகச் சொல்லி 341 தந்தது. நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் வேறு என்பதையும் இதில் கற்றேன். "எண்ணெய்" நமக்கு நான்கு எழுத்து. புள்ளியும் கொம்பும் கணினிக்குத் தனித்தனி என்பதால் பைத்தானில் இப்படி வருகிறது:

```python
len("எண்ணெய்")   # 7
```

எக்ஸ் தளமும் இப்படியேதான் எண்ணுகிறது. ஆகவே கண்ணால் எண்ணி 280 வைத்தால் போகாது. தட்டச்சுப் பெட்டியில் ஒட்டிப் பார்த்தே முடிவு செய்கிறேன்.

படம்

இதில் தோல்வி முழுமையானது. மரச்செக்குப் படம் கேட்டால் ஒரு முறை ஆட்டுக்கல் வந்தது, ஒரு முறை திருகு வைத்த மரப்பீப்பாய் வந்தது. பாட்டில் ஒட்டியில் "நல்லெண்ணெய்" என்று போடச் சொன்னால், தமிழ் போலத் தெரியும், ஆனால் எந்த எழுத்தாகவும் படிக்க முடியாத கோடுகள் வந்தன. நம் செக்கை என் கைபேசியில் எடுத்து, எழுத்தை வடிவமைப்புச் செயலியில் தமிழ் எழுத்துருவில் தட்டியதே போதுமானதாக இருந்தது. நிஜமான செக்கு பத்தடி தூரத்தில் இருக்கும்போது போலிப் படம் நமக்குத் தேவையும் இல்லை.

நேரக் கணக்கு

நானே எழுதினால் ஒரு பதிவுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். விவரத்தாள் இல்லாத மூன்று நாளில், திருத்தத்தோடு ஐம்பது நிமிஷம் ஆனது; அதாவது நஷ்டம். தாள் வந்த பிறகு, அடிக்கோடு சரிபார்ப்பையும் சேர்த்து இருபது நிமிஷம். இந்த மிச்சம் ஒரு வாரக் கணக்கு மட்டுமே. தாளில் இருப்பது ஒரு பக்கச் செய்திதான். அடுத்த மாதமும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னால் வாசிப்பவர்களுக்குச் சலித்துவிடும். தாள் வளர வேண்டும்.

என் முடிவு

மாதச் சந்தா ஒருவர் கணக்குக்கு மட்டும் எடுக்கலாம். ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கவும், நீண்டதைச் சுருக்கவும், ஆங்கிலப் பதிப்பு எழுதவும் கைகொடுக்கிறது. படம் உருவாக்கும் கூடுதல் சந்தா வேண்டாம். உடல்நலம் பற்றிய பதிவை இதைக்கொண்டு எழுதவே வேண்டாம். செயலி எழுதிய எதையும், செக்கு அண்ணனோ நீங்களோ ஒருமுறை பார்க்காமல் நான் இனிப் போட மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செக்கு அண்ணனுக்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தர வேண்டும். அடுத்த வாரம் கடலை எண்ணெய் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. விவரத்தாளில் கடலைக்கு இன்னும் இரண்டே வரிதான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பயிற்சி மாணவி