மூன்று ஆண்டுப் பணத்துக்கு எது தகும்?

ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் 57 வயதுத் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். 60 வயதில் ஓய்வு. அன்றே கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டும். டவுனில் சிறிய வீடு வாங்க முன்பணமாகும் என்று ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த 60,000 வெள்ளி கையில் இருக்கிறது. இதை வங்கியின் நிரந்தர வைப்பில் போடுவதா, பத்திரங்களில் முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்டில் போடுவதா?

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் சென்னையிலிருந்து வரும் காணொளிகளில் கிடைக்கிறது. 'மூன்று ஆண்டு என்றால் டெட் ஃபண்டுதான் நல்லது' என்று அவை பல காலம் சொல்லிவந்தன. இந்தியாவில் அதற்கு வலுவான காரணம் இருந்தது. மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருந்த டெட் ஃபண்டுக்கு வரிச் சலுகை உண்டு, வங்கி வட்டிக்கோ முழு வரி. 2023 ஏப்ரல் முதல் புதிதாகப் போடும் பணத்துக்கு அந்தச் சலுகையும் போய்விட்டது. மலேசியாவில் அந்தக் காரணம் எப்போதுமே பொருந்தவில்லை. தனிநபரின் வைப்பு வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. ஆகவே வரியை ஒதுக்கிவிட்டு, கட்டணமும் அபாயமும் என்ன என்று பார்ப்பதே சரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வைப்பு வட்டி 2.6 விழுக்காடு என்று வைத்து, ஆண்டுதோறும் வட்டியையும் சேர்த்துப் புதுப்பித்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் சுமார் 64,800 வெள்ளி. ஃபண்டில் உள்ள பத்திரங்கள் 4 விழுக்காடு ஈட்டுகின்றன என்போம். நிர்வாகக் கட்டணம் 1 விழுக்காடு போனால் மிஞ்சுவது 3. ஆனால் சேரும் நாளிலேயே விற்பனைக் கட்டணம் உண்டு. அது 1 விழுக்காடு என்றால் முடிவில் வருவது சுமார் 64,900. மூன்று ஆண்டுக் காத்திருப்புக்கு நூறு வெள்ளி லாபம். அதுவே 2 விழுக்காடானால் 64,250, வைப்பைவிடக் குறைவு. விற்பனைக் கட்டணமே இல்லாத ஃபண்டுதான் 65,560 வரை தரும். முகவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கட்டணத்தைப் பற்றித்தான்.

அடுத்தது அபாயம். வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை ஃபண்டின் விவரத்தாளில் 'டுரேஷன்' என்ற எண் காட்டும். அது 5 ஆண்டு என்றால், சந்தை வட்டி 1 விழுக்காடு ஏறும்போது ஃபண்டின் மதிப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். இது ஏட்டுக் கணக்கல்ல. 2021ஆம் ஆண்டில் மலேசிய அரசின் பத்தாண்டுப் பத்திர வட்டி சுமார் 1 விழுக்காடு ஏறியது. நம் தொழிலாளி வீடு வாங்கும் ஆண்டில் அப்படி நடந்தால் அவர் இழப்பது மூவாயிரம் வெள்ளிக்கு மேல். காத்திருந்தால் விலை மீளக்கூடும்தான். ஆனால் கம்பெனி வீட்டைக் காலி செய்யும் நாள் காத்திருக்காது.

வைப்புக்கும் அபாயம் இல்லாமல் இல்லை. பேங்க் நெகாரா 2025 ஜூலையில் அடிப்படை வட்டியை 3 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆகக் குறைத்தது. ஓராண்டு வைப்பைப் புதுப்பிக்கும்போது இந்தக் குறைவு வந்து சேரும். பின்னிரண்டு ஆண்டுகளில் 2.2 விழுக்காடே கிடைத்தாலும் முடிவில் 64,300 வருகிறது. ஆக, இழப்பு ஐந்நூறு வெள்ளி. அந்தப் பக்கம் மூவாயிரம், இந்தப் பக்கம் ஐந்நூறு. என் தீர்ப்பு இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

ஃபண்டில் உள்ள பத்திரங்களை விற்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சாட்சி. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு டெட் ஃபண்டுகளை மூடியது. பணம் பிறகு பகுதி பகுதியாகத் திரும்பியது உண்மை. ஆனால் நாள் குறித்த பணத்துக்குத் தாமதமே இழப்பு. வைப்பிலோ ஒரு வங்கியில் ஓர் ஆளுக்கு 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் காப்புறுதி உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பணத்துக்கு அந்தக் காப்புறுதி இல்லை. தோட்டத்தில் சங்கத்தை நம்பிப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வைப்பின் உண்மையான குறை வேறு. 2019 முதல் தவணைக்கு முன் எடுத்தால் வட்டியே கிடையாது. மருத்துவச் செலவுக்கு ஐயாயிரம் வேண்டுமென்று முழு 60,000 வைப்பையும் உடைத்தால் அந்தத் தவணையின் வட்டி முழுவதும் போகும். இதற்கு மருந்து எளிது: ஒரே சீட்டாகப் போடாமல் பத்தாயிரமாக ஆறு சீட்டுகள் போடலாம்.

குறித்த நாளில் குறித்த தொகை வேண்டுமானால் நிரந்தர வைப்புதான் சரி. ஃபண்டில் ஆசையிருந்தால் விற்பனைக் கட்டணம் இல்லாத, டுரேஷன் இரண்டாண்டுக்குக் குறைவான ஒன்றில் வேறு பணத்திலிருந்து பத்தாயிரம் வரை போடலாம். வீட்டு முன்பணம் மட்டும் அதில் போகக் கூடாது.