ஒரு புள்ளியும் ஒரு மாடும்: கைப்பிரதியில் வாசித்த ஒரு சிறுகதை

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் சென்ற மாதம் ஓர் இளைஞர் தன் முதற் சிறுகதையை வாசித்தார். இன்னும் அச்சேறாத, தலைப்பும் வைக்காத கதை. பேரன், மூத்தாப்பாவின் றங்குப் பெட்டி, மங்கிய கடிதங்கள் என்று கதை தொடங்கியதும், "இது நூறு தரம் கேட்டதுதானே" என்று நினைத்தேன். நான் நினைத்தது பிழை.

மூத்தாப்பா மலைநாட்டில் கடை வைத்திருந்தவர். கடையை மூடி ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பெட்டியில், மூத்தம்மா எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. எல்லாம் அரபு எழுத்து. குர்ஆன் தாள்கள் என்றெண்ணி, கிழிந்த முஸ்ஹபுகளோடு சேர்த்துப் புதைக்க வீட்டார் எடுத்து வைக்கிறார்கள். பேரன் ஒரு தாளை எடுத்து, மதரசாவில் பழகிய ராகத்தில் ஓதிப் பார்க்கிறான். உள்ளேயிருந்து பெரியம்மா சிரிக்கிறா: "மகன், இது ஓதல் இல்ல. கடுதாசி."

அரபுத் தமிழை இதைவிட எளிதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் போகாத நம் பெண்கள் பலருக்குக் குர்ஆன் ஓதப் பழகிய எழுத்துத்தான் கையிலிருந்தது. அதிலேயே தமிழை எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டினார்கள். 'தால்' எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் அது 'டு' என்பதில் வரும் ஒலி. புள்ளி போனால் 'து'.

கதையின் முடிச்சு அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. பேரன் இப்படி வாசிக்கிறான்: "நீங்க அனுப்பின மாது திரும்பி வந்து வாசல்ல நிக்கிது. பிள்ளைகள் அழுகுதுகள்." மூத்தாப்பாவுக்கு மலைநாட்டில் வேறொருத்தி இருந்திருக்கிறாள் என்று நினைத்து, இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் மனம் குமைகிறான். மூன்றாம் நாள் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறான். அவ கேட்கிறா: "பொம்புளயெண்டா 'நிக்கிறா' எண்டெல்லா எழுதுவா? 'நிக்கிது' எண்டா மாடுடா."

தாளின் மடிப்பில் மை தேய்ந்து, தாலின் புள்ளி உதிர்ந்திருக்கிறது. கடைக்கு முற்பணம் கட்ட, மூத்தம்மா தன் சீதன மாட்டை விற்கச் சம்மதித்திருக்கிறா. விற்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டது. துரோகம் என்று பேரன் நினைத்தது, அவ கொடுத்த கொடை. எழுத்துத் தெரிந்தவன் பிழைவிட, எழுத்தறியாத கிழவி வினைமுற்றைக் காதால் பிடித்துத் திருத்துகிறா. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

இனி என் குறைகள். முதலாவது, பேரன் தாளை ஒருதரம்கூடச் சரித்துப் பார்க்கவில்லை. மை போனாலும் இரும்பு நிப்பு அழுந்திய பள்ளம் தாளில் நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அதன் நிழல் தெரியக்கூடும். பெட்டியின் துருவோ இல்லாத இடத்தில் புள்ளி வைத்துவிடும். அதற்குப் பள்ளம் இராது. பெரியம்மா சொன்ன பிறகு அவன் அப்படிப் பார்த்து, அந்தப் பள்ளத்தைக் கண்டிருந்தால், அவ காதுக்குக் கண்ணும் சாட்சி சொல்லியிருக்கும்.

இரண்டாவது, பிந்திய கடிதங்களின் மொழி. முதற் கடிதத்தில் 'நிக்கிது' என்று எழுதிய பெண், நாலாவதில் 'நின்றுகொண்டிருக்கிறது' என்கிறா. அரபுத் தமிழ் அச்சு நூல்களில் ஆலிம்களின் ஏட்டு நடை வரும். காதால் கேட்டதை எழுதிய வீட்டுக் கடிதத்தில் பாடப்புத்தகத் தமிழ் வராது. கதை முழுதும் ஒரு வினைமுற்றில் தங்கியிருக்கும்போது, ஆசிரியரே வினைமுற்றை மாற்றக் கூடாது.

மூன்றாவது, கடைசிப் பக்கம். பேரன் எல்லாக் கடிதங்களையும் வாசித்து முடித்து, வேர்களைப் பற்றிச் சிந்திக்கிறான். அந்தப் பக்கம் வேண்டாம். சில தாள்கள் வாசிக்க முடியாமலே கிடக்கட்டும். பெரியம்மாவின் "மாடுடா"வோடு கதை முடிந்துவிட்டது.

வட்டத்தில் இதைச் சொன்னேன். சொல்லாத ஒன்றும் உண்டு. உம்மா மௌத்தான வருடம், அவவின் பெட்டியிலிருந்த அரபு எழுத்துத் தாள்களை, பழைய முஸ்ஹப் தாள்களோடு ஒரு துணியில் சுற்றி, பள்ளி வளவில் நான்தான் புதைத்தேன். ஒன்றையாவது வாய்விட்டு ஓதிப் பார்க்கவில்லை. ஓதியிருந்தால், அது உம்மாவின் பேச்சா என்று முதல் வரியிலேயே தெரிந்திருக்கும்.