ஒரு தாளில் கேக் விலை

வல்லத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஓர் அக்காவின் விலைப்பட்டியல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே தாள், லேமினேட் செய்தது. இடப்பக்கம் கேக்கின் பெயர். அடுத்து அரைக் கிலோ, ஒரு கிலோ என்று இரண்டே கட்டங்கள். எண்கள் எல்லாம் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் 350, 650, 1100 என்று கண் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. சில வரிகளுக்கு ஒருமுறை மெல்லிய கோடு. விரல் வைக்காமலே வரி பிடிபடுகிறது. ஆறு வகை, இரண்டு எடை, முட்டை உண்டு, இல்லை என்று எழுதப் போனால் 24 விலைகள் வரும். அக்கா 12 மட்டுமே எழுதி, அடியில் ‘முட்டை இல்லாமல்: கிலோவுக்கு 50 ரூபாய் கூடுதல்’ என்று முடித்துவிட்டார்.

பெயர்களும் கோடுகளும் அச்சு. விலையும் தேதியும் மட்டும் கையெழுத்து. ஒயிட்போர்டு மார்க்கர் விரல் பட்டாலே அழிந்துவிடும் என்று சிடி மார்க்கரால் எழுதுகிறார். வெண்ணெய் விலை ஏறினால் பஞ்சில் சானிடைசர் நனைத்து, வெண்ணெய் கேக் வரிகளை மட்டும் துடைக்கிறார். தாள் காய்ந்ததும் மார்க்கர் ‘கிறீச்’ என்று இழைய, புது எண் அதே கட்டத்தில் நிதானமாக உட்காருகிறது. எண்ணெயில் செய்யும் ஸ்பாஞ்சு வரிகளைத் தொடுவதே இல்லை. கடைசியாக மேல் மூலையில் தேதியை மாற்றுகிறார். போன மாதம் போட்டோ எடுத்து வைத்தவர் பழைய விலையைச் சொன்னாலும், அந்தத் தேதியே வழக்கைத் தீர்த்துவிடுகிறது.