'எல்லா ஆவணங்களும்' என்றால் என்ன?

நண்பரின் பைக் ஒரு புறநகர் ரயில் நிலையத்துக்கு வெளியே திருடு போய்விட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதி, ''கொஞ்சம் பார்த்துக் குடுங்க சார்'' என்று கொண்டுவந்தார்.

நல்ல நடை. மூன்று வருடம் பிள்ளை போல வளர்த்தது, மழையில் நனையவிடாதது எல்லாம் உருக்கமாக இருந்தது. கடைசி வரி மட்டும் மோசம்: 'தேவையான எல்லா ஆவணங்களும் சாவிகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.'

கதையில் எதையாவது சொல்லாமல் விட்டால் வாசகர் ஊகித்துக்கொள்வார். க்ளெய்ம் கடிதத்தின் வாசகரும் ஊகிப்பார், நமக்கு எதிராக.

முதலில் 'ஆவணம்'. நண்பர் வைத்திருந்த போலீஸ் காகிதம் எஃப்.ஐ.ஆர். இல்லை, சி.எஸ்.ஆர். ரசீது. ''ரெண்டும் ஒண்ணுதானே?'' என்றார். இல்லை. சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று. எஃப்.ஐ.ஆர்.தான் திருட்டு வழக்கு பதிவானதற்கான சான்று. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில் அது பதிவாகும், பழைய 379. புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். திரும்பிப் போய்க் கேட்டு வாங்கினார். எஃப்.ஐ.ஆரில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடச் சொன்னேன். ஒரு எழுத்து தப்பினாலும் அது வேறு வண்டி.

அடுத்து 'சாவிகள்'. இந்தப் பன்மையில்தான் வில்லங்கம். வாங்கும்போது கொடுத்த சாவிகள் அத்தனையையும் கம்பெனி கேட்கும். ஒன்று குறைந்தால், 'சாவியை வண்டியிலேயே விட்டுட்டுப் போயிட்டாரோ?' என்று கேள்வி வரும். பாலிசியில், வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. லாரி டிரைவர் சாவியை விட்டுவிட்டு வழி கேட்கப் போன வழக்கில், 2023-ல் சுப்ரீம் கோர்ட் 75 சதவிகிதம் கொடுக்கச் சொன்னது. அதாவது கால் பங்கு போச்சு, கூடவே வருடக்கணக்கில் கோர்ட்.

''ரெண்டு சாவியும் இருக்கில்ல?'' என்றேன். நண்பர் தலையைச் சொறிந்தார். ஒன்று போன வருடமே தொலைந்து, டீலரிடம் டூப்ளிகேட் போட்டிருக்கிறார். அதைக் கடிதத்தில் சொல்லவில்லை. ''சொன்னா சந்தேகப்படுவாங்களே சார்!'' சொல்லாவிட்டால்தான் சந்தேகப்படுவார்கள். புதுச் சாவியின் பளபளப்பு சர்வேயர் கண்ணுக்குத் தெரியாதா? நல்லவேளை, டீலர் பில் இருந்தது. தேதி திருட்டுக்கு ஏழு மாதம் முந்தையது. அந்த பில்தான் அவருடைய சிறந்த சாட்சி.

உருக்கத்தையெல்லாம் வெட்டிவிட்டு, கடைசி வரியை இப்படி மாற்றினோம்:

'இன்று நேரில் ஒப்படைப்பவை: 1. எஃப்.ஐ.ஆர். நகல் (எண், தேதி, காவல் நிலையம்). 2. ஆர்.சி. அசல். 3. பாலிசி நகல். 4. பூர்த்தி செய்த க்ளெய்ம் படிவம். 5. சாவிகள் இரண்டு: ஒன்று வாங்கும்போது கொடுத்தது, ஒன்று டீலர் போட்ட டூப்ளிகேட். 6. டூப்ளிகேட் சாவிக்கான பில். பின்னர் தர வேண்டியது: வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்ற போலீஸ் அறிக்கை.'

அந்தக் கடைசி அறிக்கை வர மாதங்கள் ஆகலாம். அது வந்த பிறகு கம்பெனிக்குச் சொல்லலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. தப்பு. திருட்டு தெரிந்ததுமே சொல்லிவிட வேண்டும். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணமாக்கி மறுக்க முடியாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதை நம்பித் தூங்க வேண்டாம். அது கோர்ட் வரை போனவருக்குக் கிடைத்த ஆறுதல்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து, சீல், தேதி வாங்கச் சொன்னேன். சாவிகளைச் சேர்த்து வைத்து மொபைலில் ஒரு போட்டோவும். ஆறு மாதம் கழித்து, ''ஒரு சாவிதான் ஃபைல்ல இருக்கு'' என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு.

கவுன்ட்டரில் கையெழுத்துப் போட யோசித்தார்களாம். நண்பர் நகரவில்லை. சாவி என் கையில், கையெழுத்து உங்கள் கையில் என்று நின்றிருக்கிறார். கிடைத்துவிட்டது.

கிடைக்கப்போகும் தொகை, வண்டி வாங்கிய விலை அல்ல, பாலிசியில் ஐ.டி.வி. என்று போட்டிருப்பது. மூன்றாவது பிறந்தநாளில் புதுப்பித்த வண்டிக்கு விலையில் 30 சதவிகிதம் கழியும். 90,000 ரூபாய் வண்டிக்கு 63,000.

''ஒன்றரைப் பக்கத்தை அரைப் பக்கமாக்கிட்டீங்களே சார்'' என்று நண்பருக்கு இன்னும் வருத்தம். அந்த மழை வரி நன்றாகத்தான் இருந்தது. 63,000 ரூபாய்க்கு அதை விட்டுக்கொடுக்கலாம்.